குறுக்கும் நெடுக்கும்: தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் ஒரு கணக்குப் பாடம்

புஞ்சாக் ஆலாம் இன்று வீடமைப்புப் பகுதிகளும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் உள்ள ஒரு புதுநகரம். அதைச் சுற்றி ஜெரம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று கோலசிலாங்கூர் வட்டாரத்தின் பல பகுதிகள் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்தன. பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீடுகளாக மாறின. ஆனால் ரப்பரானாலும் செம்பனையானாலும், ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் மாதம் ஒருமுறை ஒரே வேலை நடந்தது. கிராணி பெரிய தாளை விரித்து, தொழிலாளர் பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாகவும் தேதிகளைப் பக்கவாட்டிலும் எழுதி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அந்தத் தாளுக்குத் தோட்டத்தில் செக்ரோல் என்று பெயர்.

செக்ரோலின் அமைப்பில் புதிரொன்றும் இல்லை. இடப்பக்கம் தொழிலாளியின் எண்ணும் பெயரும் இருக்கும். அடுத்து மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வேலைக்கு வந்தால் கட்டத்தில் ஒரு குறி விழும், வராவிட்டால் வெற்றாக இருக்கும். வலப்பக்கம் அந்த ஆளின் மொத்த நாள்கள், நாட்கூலி, கூலித் தொகை. அதற்கும் வலப்பக்கம் அரிசிக்கும் முன்பணத்துக்கும் பிடித்த தொகைகள். கடைசிப் பத்தியில் கையில் கொடுக்க வேண்டிய பணம். தாளின் அடியில் ஒவ்வொரு பத்திக்கும் கூட்டுத்தொகை எழுதி, வலது கீழ்மூலையில் பெருந்தொகை ஒன்றை எழுத வேண்டும். துரை கையெழுத்திட்டு வங்கியிலிருந்து பணம் எடுக்க அனுப்புவது அந்த மூலை எண்ணை வைத்துத்தான்.

அந்த மூலை எண்ணை இரண்டு வழியாக அடையலாம். ஒவ்வோர் ஆளின் வரிசையையும் முடித்துக் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாகக் கூட்டலாம். அல்லது ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகக் கூட்டி, அடிவரியில் கூலி மொத்தத்திலிருந்து பிடித்த மொத்தங்களைக் கழித்துப் பக்கவாட்டில் போகலாம். இரண்டு வழியும் ஒரே எண்ணில் முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. கணக்கர்கள் இதைக் குறுக்குக் கூட்டல் என்பார்கள். பள்ளிக் கணக்கு படித்த எவருக்கும் இது எளிது. அதனாலேயே இதன் உள்ளே இருக்கும் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டு வழியும் ஒரே எண்ணில் முடிந்தால் அது எதை நிரூபிக்கிறது?

பதில் செக்ரோலிலேயே இருக்கிறது. கொஞ்சம் எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கீழேயுள்ள தாள் எந்தத் தோட்டத்தின் ஆவணமும் அல்ல. விளக்கத்துக்காக நானே அமைத்தது. ஆனால் கூலி விகிதம் கற்பனையல்ல. 1920களின் இறுதியில் சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது அதுவும் குறைந்தது. எண் 11, 12, 13 ஆண்கள். 14, 15 பெண்கள். தொகைகள் வெள்ளிக் கணக்கில்.

| எண் | நாள் | கூலி | அரிசி | முன்பணம் | கையில் |
|---|---|---|---|---|---|
| 11 | 26 | 13.00 | 3.60 | 2.00 | 7.40 |
| 12 | 24 | 12.00 | 3.60 | 0.00 | 8.40 |
| 13 | 21 | 10.50 | 2.70 | 3.00 | 4.80 |
| 14 | 25 | 10.00 | 2.70 | 1.00 | 6.30 |
| 15 | 22 | 8.80 | 2.70 | 0.50 | 5.60 |
| மொத்தம் | 118 | 54.30 | 15.30 | 6.50 | 32.50 |

கடைசிப் பத்தியைக் கீழ்நோக்கிக் கூட்டினால் 32.50. அடிவரியில் பக்கவாட்டாகப் போனால் 54.30 கழித்தல் 15.30 கழித்தல் 6.50, அதுவும் 32.50. தாள் பொருந்துகிறது.

இப்போது ஒரு பிழையை நுழைப்போம். அரிசிப் பத்தியைக் கூட்டும்போது 13ஆம் எண்ணுக்கு நேரே உள்ள 2.70ஐ 7.20 என்று கண்ணும் கையும் மாற்றி எடுத்துவிட்டன. வரிசையை முடிக்கும்போது சரியாக 2.70 என்றே கழித்திருந்ததால் கைப்பணப் பத்தி கெடவில்லை. அரிசி மொத்தம் மட்டும் 19.80 ஆகிவிட்டது. அடிவரி 28.00 என்று முடியும், கைப்பணப் பத்தி 32.50 என்று நிற்கும். வித்தியாசம் 4.50.

கைதேர்ந்த கிராணி இந்த இடத்தில் உடனே தாளை முதலிலிருந்து கூட்டமாட்டார். முதலில் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். 450 காசை 9ஆல் வகுத்தால் மீதியின்றி 50 வருகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் உண்டாகும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 27க்கும் 72க்கும் உள்ள இடைவெளி 45, அதாவது 9 பெருக்கல் 5. அந்த 5, 7க்கும் 2க்கும் உள்ள வித்தியாசமே. இங்கே வகுத்து வந்த 50 காசு என்பது ஐந்து பத்துக்காசுகள். ஆகவே வெள்ளி இடத்திலும் பத்துக்காசு இடத்திலும் உள்ள இலக்கங்கள் மாறியிருக்கின்றன, அவற்றுக்கிடையே வித்தியாசம் 5 என்று கணக்கு சொல்லிவிடுகிறது. தாளில் அப்படிப்பட்ட எண்கள் எவை? அரிசியில் மூன்று இடத்தில் 2.70. கூலிப் பத்தியில் 10.50. முன்பணத்தில் 0.50. தசமப்புள்ளி ஓரிடம் நழுவி 0.50, 5.00 ஆனாலும் இதே 4.50 தான் வரும், ஆகவே அதையும் விட்டுவிட முடியாது. கைப்பணப் பத்தியில் 7.40, 8.40, 4.80, 6.30, 5.60 என்று எதிலும் இந்த இலக்க வித்தியாசம் 5 இல்லை. எனவே அந்தப் பத்தி சந்தேகத்திலிருந்து தப்புகிறது.

மீதிப் பத்திகளில் எது? கூலிப் பத்திக்கு வேறொரு சாட்சி உண்டு. காலையில் ஆட்களை எண்ணுகிறவரின் கணக்குப்படி ஆண்கள் உழைத்த நாள் 71, பெண்கள் உழைத்த நாள் 47. 71ஐ 50 காசாலும் 47ஐ 40 காசாலும் பெருக்கினால் 35.50, 18.80. கூட்டினால் 54.30. கூலி மொத்தம் சரி. அரிசிக்கும் சாட்சி உண்டு. அரிசி கொடுத்த புத்தகத்தில் இந்த ஐந்து பேர் பெயரில் எழுதியிருக்கும் மொத்தம் 15.30. தாளில் இருப்பதோ 19.80. கிராணி அரிசிப் பத்தியை மட்டும் கவனமாக மறுபடி கூட்டுகிறார். ஐந்து எண்களைக் கூட்டும் வேலை. நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் உண்மைத் தாளில் இந்த ஒரு பத்தியை மட்டும் கூட்டுவதற்கும் எல்லாப் பத்தியையும் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு ஓர் இரவுத் தூக்கத்தின் அளவு.

9ஆல் வகுபடாத வித்தியாசங்களுக்கும் வழி உண்டு. வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். கழிக்க வேண்டிய ஒரு தொகையைக் கூட்டியிருந்தால், தாள் அந்தத் தொகையின் இருமடங்கு அளவுக்குத் தவறும். 11ஆம் எண்ணின் முன்பணம் 2.00ஐக் கழிக்காமல் கூட்டிவிட்டால் வித்தியாசம் 4.00. பாதி 2.00. தாளில் 2.00 எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும். இந்த இரண்டு சோதனைகளும் கைக்கருவிகள், அவ்வளவுதான். ஒரே ஒரு பிழை இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். இரண்டு பிழைகள் ஒன்றின் மேலொன்று ஏறியிருந்தால் வித்தியாசம் இரண்டின் கலவையாகி, 9க்கும் பாதிக்கும் அகப்படாமல் நழுவிவிடலாம். அப்போது பத்திபத்தியாகக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மேலேயுள்ள உதாரணத்தில் பிழை எப்படிப் பிடிபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பொருந்தவில்லை என்று சொன்னது குறுக்குக் கூட்டல். எந்தப் பத்தி என்று சொன்னவை வேறு இரண்டு சங்கதிகள்: ஆண் நாளும் பெண் நாளும் தனித்தனியாக எண்ணியது, அரிசிப் புத்தகம். இரண்டும் செக்ரோலுக்கு வெளியே பிறந்தவை. இந்த வெளி என்பதுதான் என் வாதத்தின் நடு.

செக்ரோலின் நாள் கட்டங்களைப் பாருங்கள். காலையில் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிறவர் கங்காணி அல்லது தண்டல். இன்று என் பிரிவில் 42 பேர் என்று தன் சின்னப் புத்தகத்தில் அவர் எழுதுகிறார். அந்த 42 ஒரு பத்தியின் மொத்தம். அது எந்தப் பெயரையும் பற்றிக் கவலைப்படுவதில்லை, தலைகளை மட்டும் எண்ணுகிறது. கிராணியோ ஆபீசில் பெயர்பெயராகக் குறி போடுகிறார். மாதம் முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் நேரே நாள்களைக் கூட்டுகிறார். அது வரிசை மொத்தம். முப்பது நாளின் தலை எண்ணிக்கைகளைக் கூட்டினால் வருவதும் நூறு பெயர்களின் நாள் எண்ணிக்கைகளைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால், வெயிலில் நின்று எண்ணியவரும் மேசையில் உட்கார்ந்து எழுதியவரும் ஒரே மாதத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அர்த்தம். பழைய கிராணிகளில் கணிசமானவர்கள் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும். எழுத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் தோட்டத்துக் கணக்கு நம்பத்தகுந்ததாக இருந்தது அவர்கள் கெட்டித்தனத்தால் மட்டுமல்ல. எண்ணுகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு என்ற ஏற்பாட்டால்.

வரிசைக்கும் ஒரு சாட்சி இருந்தது. அது தொழிலாளியே. தன் நாள்கள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். சம்பள நாளில் மேசைக்கு முன் நின்று, 26 நாள் என்று எழுதியிருக்க வேண்டியது 25 ஆகியிருக்கிறதே என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். கிராணி 12ஆம் எண்ணின் ஒரு நாளை 13ஆம் எண்ணுக்கு நேரே போட்டுவிட்டால், தேதிப் பத்தியின் மொத்தம் மாறாது. இருவரும் ஆண்கள் என்பதால் கூலி மொத்தமும் மாறாது. குறுக்குக் கூட்டல் அசையாமல் நிற்கும். ஒருவருக்கு 50 காசு குறையும், மற்றவருக்கு 50 காசு கூடும். குறைந்தவர் வாய் திறப்பார். கூடியவர் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நாளை 14ஆம் எண்ணுக்கு நேரே போட்டிருந்தால் கூலி மொத்தம் 54.30 என்பது 54.20 ஆகும். ஆனாலும் தாளுக்குள் எல்லாம் அந்த 54.20இலிருந்தே போகும் என்பதால் தாள் மறுபடி பொருந்திவிடும். கங்காணி தன் புத்தகத்தில் ஆண், பெண் எண்ணிக்கையைப் பிரித்து எழுதியிருந்தால் மட்டுமே 71ம் 47ம் 70, 48 ஆகிவிட்டன என்று தெரியவரும். வெறும் தலை எண்ணிக்கை மட்டும் எழுதும் கங்காணி இந்தப் பிழையைப் பார்க்க மாட்டார். என்ன பிரித்து எண்ணுகிறோமோ அதைத்தான் குறுக்குக் கூட்டல் காவல் காக்கும்.

இதைக் கணிதமாகவும் சொல்லலாம். ஒரு கட்டத்தாளில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தவறினால் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் கெடும். கெட்ட வரிசையும் கெட்ட பத்தியும் சந்திக்கும் இடம்தான் பிழை இருக்கும் கட்டம். வரிசை மொத்தமும் பத்தி மொத்தமும் சுதந்திரமாகக் கிடைத்திருந்தால், தேடாமலேயே பிழையைச் சுட்டிவிடலாம். 1954இல் பீட்டர் எலியாஸ் தகவல் பரிமாற்றத்துக்காக முன்வைத்த பெருக்கல் குறியீடுகள் இதே எண்ணத்தின் மேல் எழுந்தவை. வரிசைக்கும் பத்திக்கும் தனித்தனிச் சோதனை எண்களைச் சேர்த்தனுப்பினால் வழியில் கெட்ட துண்டைப் பெறுகிறவரே திருத்திக்கொள்ளலாம். அதே கணிதம் எல்லையையும் காட்டுகிறது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் பிழைகள் விழுந்தால் எதுவும் தெரியாது. 8ஆம் தேதி 12ஆம் எண்ணின் நாளை 13க்கு எழுதி, 9ஆம் தேதி 13இன் நாளை 12க்கு எழுதினால், எல்லா வரிசை மொத்தமும் எல்லாப் பத்தி மொத்தமும் அப்படியே இருக்கும். அந்தப் பிழையால் கூலி கெடுவதில்லை என்பது உண்மை. ஆனால் 8ஆம் தேதி யார் தோட்டத்தில் இருந்தார் என்று காயம்பட்ட ஒருவரின் நட்டஈட்டு வழக்கில் கேட்டால், அப்போது பதில் தவறாக இருக்கும்.

பழைய முறையில் மூன்றாவது ஒரு சாட்சியும் இருந்தது. பணம். கைப்பணத்தை வெறும் தொகையாக எடுத்துவர முடியாது. நோட்டாகவும் சில்லறையாகவும் எடுத்துவர வேண்டும். 7.40 கொடுக்க ஐந்து வெள்ளி நோட்டு ஒன்று, ஒரு வெள்ளி நோட்டு இரண்டு, இருபது காசு இரண்டு. இப்படி ஒவ்வோர் ஆளுக்கும் பிரித்து எழுதி, நோட்டு வாரியாகப் பத்தியைக் கூட்ட வேண்டும். நம் தாளில் ஐந்து வெள்ளி நோட்டு 4, ஒரு வெள்ளி நோட்டு 10, இருபது காசு 12, பத்துக் காசு 1 என்று வரும். 20.00, 10.00, 2.40, 0.10. கூட்டினால் 32.50. வங்கியில் கேட்க வேண்டிய பட்டியலும் இதுவே, சம்பளத் தாளின் இன்னொரு குறுக்குக் கூட்டலும் இதுவே. இதில் ஓர் அழகு உண்டு. தொகையைக் கூட்டுவதில் எட்டும் ஆறும் குழம்பலாம், ஆனால் நோட்டுகளாக எண்ணுவதில் அந்தக் குழப்பம் வராது. அது வேறு வகை வேலை. ஆகவே பிழை வந்தாலும் வேறு வகைப் பிழையாக வரும், முதல் வேலையின் பிழையை மறைக்காது. எல்லா உறையும் கொடுத்து முடிந்தபின் மேசையில் சில்லறை மிஞ்சினாலோ குறைந்தாலோ, தாள் எவ்வளவு பொருந்தியிருந்தாலும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் தாண்டி ஒன்று நிற்கிறது. 16ஆம் எண்ணில் ஒரு பெயரை எழுதி 20 நாள் குறி போட்டால், வரிசை சரியாகக் கூடும். அந்த நாள்களின் பத்திகளும் ஒன்று கூடுதலாகக் கூடும். கங்காணியும் கிராணியும் சேர்ந்துகொண்டால் பெரட்டு எண்ணிக்கையிலும் ஒவ்வொன்றாக ஏற்றிவிடலாம். குறுக்கும் நெடுக்கும் குறையில்லாமல் பொருந்தும் ஒரு தாள் கிடைக்கும். அதில் இல்லாத ஒருவருக்குச் சம்பளம் இருக்கும். தணிக்கைக்காரர்கள் போலித் தொழிலாளி என்று சொல்லும் இந்த வகையைத் தாளை எவ்வளவு நேரம் கூட்டினாலும் பிடிக்க முடியாது. ஆளைப் பார்க்க வேண்டும். எழுதிய கிராணி அல்லாத ஒருவர், பெயர் அழைத்து, முன்னால் வந்த ஆளின் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டும். யாரும் எதிர்பாராத ஒரு காலையில் பெரட்டுக்குப் போய், செக்ரோலில் அன்று குறி விழப்போகும் ஆட்களைத் தலைகளாக எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளத்தை வாங்காமல் விட்டுப்போன உறைகள் எத்தனை, அவை யாரிடம் போகின்றன என்பதும் ஒரு தடயம்.

கணினி வந்தபோது இந்த ஏற்பாட்டில் எது மாறியது? கூட்டல் பிழை போய்விட்டது. அது உண்மையான லாபம். 2.70ஐ 7.20 என்று கூட்டும் கணினி இல்லை. ஆனால் விரிதாளில் வரிசை மொத்தமும் பத்தி மொத்தமும் ஒரே கட்டங்களிலிருந்து, ஒரே இயந்திரத்தால், அதே நொடியில் பிறக்கின்றன. கட்டத்தில் யாரோ 24க்குப் பதில் 42 என்று தட்டினால் இரண்டு மொத்தமும் சேர்ந்தே தவறும், சேர்ந்தே பொருந்தும். அப்படிப்பட்ட தாளின் அடியில் பச்சை நிறத்தில் சரி என்று வந்தால் அது, இயந்திரம் கூட்டத் தெரிந்தது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

இதனால் விரிதாளில் குறுக்குக் கூட்டலே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. விரிதாளுக்கென்று வேறு வகைப் பிழைகள் உண்டு, அவற்றை அது பிடிக்கும். மாத நடுவில் புதுத் தொழிலாளி சேர்ந்தால் கடைசி வரிசைக்குக் கீழே ஒரு வரிசை நுழைப்பார்கள். சில பத்திகளின் கூட்டல் சூத்திரம் அதைச் சேர்த்துக்கொள்ளும், சிலது சேர்க்காது. ஒரு கட்டத்தில் சூத்திரத்தை அழித்துக் கையால் எண் எழுதியிருப்பார்கள். வேறொரு கோப்பிலிருந்து ஒட்டிய எண் எழுத்தாக நின்றுகொண்டு கூட்டலில் சேராமல் இருக்கும். இந்த மூன்றும் வரிசையையும் பத்தியையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. நம் தாளை விரிதாளில் இரண்டாம் வரியிலிருந்து ஆறாம் வரி வரை இட்டு ஏழாம் வரியில் மொத்தங்களைப் போட்டால், கூலி C, அரிசி D, முன்பணம் E, கைப்பணம் F என்று வைத்துக்கொண்டு, சோதனைக் கட்டத்தில் இதை எழுதலாம்:

```
=IF(ABS(SUM(F2:F6)-(C7-D7-E7))<0.005,"OK","CHECK")
```

வித்தியாசம் சுழியமா என்று நேரே கேட்காமல் 0.005க்குள் இருக்கிறதா என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கணினி பதின்ம எண்களை இரும எண்களாக வைத்துக் கணக்கிடுவதால் கடைசி இலக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசு ஒட்டும். அதற்காகத் தாள் தவறு என்று அலறக்கூடாது. ஆனால் அரை காசுக்கு மேல் சலுகை கொடுத்தாலும் ஆபத்து. எந்தக் குறைந்த பட்ச வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டும் என்பதைத் தாளை அமைக்கிறவர் தெரிந்துதான் எழுத வேண்டும்.

சலுகை தேவைப்படும் உண்மையான இடம் மலேசியச் சம்பளத் தாளில் வேறொன்று இருக்கிறது. ஊழியர் சேமநிதிக்கான சந்தா. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளங்களைப் பெரும்பாலும் 20 ரிங்கிட் அகலத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டில் விழும் எல்லாச் சம்பளத்துக்கும் தட்டின் மேல் எல்லையை வைத்து விகிதம் கணக்கிட்டு, வரும் தொகையை அடுத்த முழு ரிங்கிட்டுக்கு உயர்த்துகிறார்கள். 1,705 ரிங்கிட் சம்பளத்துக்கு 11 விழுக்காடு 187.55. ஆனால் அவர் விழும் தட்டு 1,700.01 முதல் 1,720 வரை. மேல் எல்லையின் 11 விழுக்காடு 189.20. முழு ரிங்கிட்டாக்கினால் 190. இந்தச் சம்பளத்தில் ஐந்து பேர் இருந்தால் சந்தாப் பத்தியின் மொத்தம் 950. சம்பள மொத்தம் 8,525க்கு 11 விழுக்காடு கணக்கிட்டால் வருவது 937.75. வித்தியாசம் 12.25. இது பிழையல்ல. மொத்தத்தின் விழுக்காடும் விழுக்காடுகளின் மொத்தமும் ஒன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புத்தான் இங்கே பிழை. தோட்ட ஆபீசுக்குப் புதிதாக வந்த கணக்குப் பிள்ளைகள் இந்த 12.25ஐத் தேடித் திரிவதும், கடைசியில் சரிகட்ட ஒரு தொழிலாளியின் சந்தாவில் கைவைப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் தாள் பொருந்தும், சந்தா கெட்டுவிடும். எந்தப் பத்தியை விகிதத்தால் சோதிக்கலாம், எதை ஆள்ஆளாகத் தட்டு பார்த்து மட்டுமே சோதிக்க வேண்டும் என்பதைப் பத்திக்குப் பத்தி தெரிந்திருக்க வேண்டும்.

சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் தட்டுக் கணக்குதான், ஆனால் வேறு தட்டு. மேலும், அதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் கூடுதல் நேர ஊதியம் சேரும், சேமநிதிச் சம்பளத்தில் சேராது. ஆகவே ஒரே தாளில் இரண்டு வெவ்வேறு சம்பள அடிப்படைகள் இருக்கும். இரண்டையும் ஒரே பத்தி என்று நினைத்து எழுதிய தாள், வரிசையிலும் பத்தியிலும் சரியாகக் கூடினாலும், அடிப்படையிலேயே தவறியிருக்கலாம். குறுக்குக் கூட்டலுக்கு அது தெரியாது, தெரியவும் முடியாது.

இன்றைய நிலையில் பழைய சாட்சிகளை எங்கே தேடுவது? நோட்டாகப் பணம் கொடுப்பது பெரும்பாலும் போய்விட்டது. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது, பதிவேடுகளைக் குறைந்தது ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நோட்டுப் பட்டியலின் இடத்தை இப்போது வங்கிக்கு அனுப்பும் கோப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பின் மொத்தத்தைச் சம்பளத் தாளின் கைப்பண மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும், ஆனால் அதே கணினியிலிருந்து உருவான கோப்பை அல்ல, வங்கி திருப்பி அனுப்பும் அறிக்கையை. வங்கி எண்ணியது வேறொருவர் எண்ணியது. சேமநிதிக்கு மாதந்தோறும் அனுப்பும் பட்டியலில் எத்தனை பேர், சம்பளத் தாளில் எத்தனை பேர் என்று தலை எண்ணிக்கையை ஒப்பிடுவதும் பழைய பெரட்டின் வேலையைக் கொஞ்சம் செய்யும்.

செம்பனைத் தோட்டத்தில் இன்னும் ஒரு சாட்சி உண்டு, அது பணத்தில் இல்லை. எத்தனை குலை வெட்டினார் என்று வெட்டுகிறவரின் பெயரில் மண்டோர் எழுதுகிறார். அதை வைத்துத்தான் அவர் கூலி. லாரி ஆலைக்குப் போய் எடை போடப்படும்போது அங்கே வேறொருவர் எடையை எழுதுகிறார். குலை எண்ணிக்கையின் மொத்தமும் ஆலை எடையும் ஒரே அலகில் இல்லாததால் காசுக்குக் காசு பொருந்தாது. ஆனாலும், எடையைக் குலை எண்ணிக்கையால் வகுத்து ஒரு குலையின் சராசரி எடையைப் பார்த்தால், அந்த வயல் மரங்களின் வயதுக்கு ஏற்ற அளவை விட்டு ஒரு மாதம் மட்டும் அது சட்டென்று குறைந்தால், குலை எண்ணிக்கையைப் பெருக்கி எழுதியிருக்கிறார்களா என்று அந்த மாதத்துத் தாள்களை எடுத்துப் பார்க்கலாம். மண்டோரின் புத்தகத்திலிருந்து சில பெயர்களை எடுத்துக்கொண்டு சம்பளத் தாளில் தேடுவது ஒரு திசை. சம்பளத் தாளிலிருந்து சில பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் வெட்டியதாகச் சொல்லும் வயலுக்கு மறுநாள் காலை நேரில் போவது மறு திசை. முதலாவது விட்டுப்போனவரைக் காட்டும், இரண்டாவது இல்லாதவரைக் காட்டும்.